ஒன்பது கட்டம், ஐந்து செட்டப்: ஃபர்னிச்சர் கடை விளம்பரத்துக்கு ஸ்டோரிபோர்டு போடும் கணக்கு

ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு 30 விநாடி விளம்பரம். உள்ளூர் கேபிள் சேனலில் ஓடப்போகிறது. வாடகைக்கு எடுத்த ஒரு கேமரா, அதைப் பிடிக்க ஒருவர், விளக்குக்கு ஒருவர், மேற்பார்வைக்கு நான். படப்பிடிப்புக்குக் கிடைத்தது காலை 6 மணியிலிருந்து 11 மணி வரை. 11 மணிக்குக் கடை திறந்துவிடும், வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். கையில் இருந்தது இவ்வளவுதான்.

எடுக்கப்போகும் ஷாட்டுகளைக் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்துவைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. நான் முதலில் வரைந்ததில் 14 கட்டங்கள் இருந்தன. கட்டில், பீரோ, சோஃபா, சாப்பாட்டு மேஜை, படிப்பு மேஜை, ஷோகேஸ் என்று கடையில் இருந்த எல்லாமே அதில் வந்தன. கடைக்காரர் பார்த்துவிட்டு ரொம்பவும் சந்தோஷப்பட்டார். கேமராமேன்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை செட்டப் சார்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். 11.

சிறிய பட்ஜெட் விளம்பரத்தில் ஸ்டோரிபோர்டு எதற்காக என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கட்டம் என்பது பார்வையாளர் திரையில் பார்க்கும் ஒரு ஷாட். செட்டப் என்பது கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, விளக்கை அதற்கேற்ப வைத்து, பொருளை நகர்த்தி, ஒத்திகை பார்த்து, எடுத்து முடிக்கிற ஒரு முழு வேலை. கட்டங்களை எவ்வளவு கூட்டினாலும் பேனாவுக்குத்தான் செலவு. நேரத்தையும் ஆளையும் தின்பது செட்டப்தான். அதிலும் ஃபர்னிச்சர் கனமான பொருள். ஒரு செட்டப்பிலிருந்து அடுத்ததற்குப் போக நான்கு பேர் சேர்ந்து ஒரு பீரோவைத் தள்ள வேண்டியிருக்கும். உணவகத்துக்கோ துணிக்கடைக்கோ போடும் நேரக் கணக்கு இங்கே உதவாது.

எங்கள் கணக்கு இப்படிப் போனது. ஐந்து மணி நேரம் என்பது 300 நிமிடம். சாமான்களை இறக்கி விரிக்க 30 நிமிடம், கடைசியில் கட்டி எடுத்துக்கொண்டு கடையைப் பழையபடி வைக்க 20 நிமிடம், நடுவில் மூச்சுவிட 10 நிமிடம். மிச்சம் 240 நிமிடம். ஒரு செட்டப்புக்குச் சராசரி 40 நிமிடம் வைத்தால் ஆறு செட்டப்தான் போடலாம். அதிலும் ஒன்றைத் தவறுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஆக ஐந்து. என் முதல் போர்டின் 11 செட்டப்புக்கு 440 நிமிடம் தேவை. அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஏழாவது செட்டப்பின் நடுவில் ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள்.

இன்னொரு கணக்கும் உதைத்தது. கடைசியில் முகவரி, தொலைபேசி எண் வரும் எண்ட் கார்டை எடுத்துவிட்டால் 14 ஷாட்டுகளுக்கு மிஞ்சுவது 23 விநாடி. ஒரு ஷாட்டுக்கு ஒன்றே முக்கால் விநாடிகூட இல்லை. கண் ஒரு கட்டிலைக் கட்டில் என்று புரிந்துகொள்ள அது போதும். ஆனால் அதன் தலைப்பக்க வேலைப்பாடு, உயரம், நம் வீட்டு அறைக்கு ஒத்துவருமா என்ற எண்ணம், இதெல்லாம் வர இரண்டரை விநாடியாவது வேண்டும். ஃபர்னிச்சர் வாங்குகிறவர் பொருளை மனதால் தன் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த நேரத்தை விளம்பரம் கொடுத்தாக வேண்டும்.

சரி, போர்டைத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். இந்த முறை கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கினேன்.

எண்ட் கார்டை முதலில் வரைவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளூர் கேபிள் விளம்பரத்துக்குக் கடைக்காரர் செலவழிப்பதே அந்தச் சில விநாடிக்காகத்தான். கடை எங்கே, எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பது பார்க்கிறவர் மனதில் நிற்க வேண்டும். கார்டில் உள்ளதை மனதுக்குள் இரண்டு முறை படிக்கும் நேரம் அது திரையில் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. கடைப்பெயர், அடையாளம் சொல்லும் ஒரு வரி, ஒரு தொலைபேசி எண். ஸ்டாப்வாட்ச் வைத்துப் படித்தேன்: ஒரு முறைக்கு மூன்றரை விநாடி. ஆக 7 விநாடி. கடைக்காரர் மூன்று தொலைபேசி எண்கள் கொடுத்திருந்தார். மூன்றையும் போட்டால் கார்டுக்கு 12 விநாடி வேண்டும், சோஃபாவை எங்கே காட்டுவது என்று தாளில் காட்டியபோது அவரே இரண்டை அடித்தார். இதை வாய்ப்பேச்சில் சொல்லியிருந்தால் அரை நாள் வாக்குவாதம் ஆகியிருக்கும்.

கார்டைத் திரையில் எங்கே வைப்பது என்பதிலும் கேபிள் சேனலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொதுவாக ஒளிபரப்புக்கு ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுத்தை வைப்பார்கள், சில டிவிக்கள் படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும் என்பதால். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 95 பரிந்துரை அகலத்திரைக்கு எழுத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் விடச் சொல்கிறது. 1920-க்கு 1080 படத்தில் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல். உள்ளூர் கேபிளில் அது போதாது. படத்தின் கீழே ஸ்க்ரோல் ஓடும். மேல் மூலையில் சேனல் லோகோ உட்கார்ந்திருக்கும். சில சேனல்கள் படத்தையே ஒரு மூலைக்குச் சுருக்கி, பக்கத்திலும் கீழேயும் வேறு விளம்பரங்களை எல் வடிவத்தில் போடும். தொலைபேசி எண்ணைக் கீழ் ஓரத்தில் வைத்தால் வேறொரு கடையின் ஸ்க்ரோல் அதன் மேல் ஓடும்.

இதற்கு எந்த விதிப்புத்தகமும் உதவாது. விளம்பரம் ஓடப்போகும் சேனலையே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். திரையைச் செல்போனில் படமெடுத்து, எந்தெந்த இடம் மறைகிறது என்று போர்டின் கட்டத்தில் கோடு போட்டேன். கீழே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, வலது மேல் மூலையில் ஒரு துண்டு. அந்த இரண்டு இடத்தையும் எல்லாக் கட்டங்களிலும் பென்சிலால் நிழலடித்துவிட்டேன். அங்கே எழுத்து கிடையாது, பொருளின் முக்கியமான பகுதியும் கிடையாது. சோஃபாவின் கால்கள் அந்த நிழலுக்குள் போனால் அது காலில்லாமல் மிதப்பதுபோலத் தெரியும் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. கட்டங்களில் எல்லாப் பொருளையும் கொஞ்சம் மேலே ஏற்றி வரைந்தேன்.

எழுத்தைப் பற்றி ஒன்று. நீங்கள் எவ்வளவு தெளிவாக எடுத்துக் கொடுத்தாலும் பல கேபிள் இணைப்புகளில் படம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பழைய தரத்துக்கு இறங்கி, மேலிருந்து கீழாக 576 வரிகளோ 480 வரிகளோதான் இருக்கும். 1080 வரியில் எடுத்த படம் ஏறக்குறைய பாதியாகிறது. மெல்லிய எழுத்தின் படுக்கைக்கோடு ஒரே வரியாகிவிட்டால் அது திரையில் துடிக்கும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை: ண, ன, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மொத்தையாகிவிடும். அதனால் தடித்த, சுழி திறந்த எழுத்துருவாக, கார்டில் மூன்று வரிக்கு மேல் போகாமல் வைத்தேன். மாதிரியை ஒரு பழைய சின்ன டிவியில் போட்டு, அறையின் எதிர்ச்சுவரிலிருந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்தேன்.

கடைசி 7 விநாடி முடிந்தது. மிச்சம் 23 விநாடி, ஐந்து செட்டப். அந்த ஐந்தில் கார்டுக்குப் பின்னணியாக வரும் கடை முகப்பும் ஒன்று. ஆக உள்ளே நான்கு.

நான்கு செட்டப்பில் எப்படிக் கடை நிறைந்ததாகக் காட்டுவது? இங்கேதான் ஒரே செட்டப்பிலிருந்து பல கட்டங்கள் எடுக்கும் யோசனை வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பழைய, எளிய உத்தி. கேமராவை அசையாமல் பூட்டிவிடுவது. கடையின் ஒரு மூலையைக் காலி செய்து அதை ஒரு வெற்று அறையாக்குவது. முதலில் ஒரு தம்பதி வெறும் தரையில் நிற்கிறார்கள். வெட்டு. அதே இடம், இப்போது சோஃபா இருக்கிறது. வெட்டு. ஷோகேஸும் சின்ன மேஜையும் வந்துவிட்டன. வெட்டு. விரிப்பும் விளக்கும் சேர்ந்து முழு வரவேற்பறை, குழந்தையும் ஓடிவந்து உட்கார்கிறது. நான்கு கட்டங்கள், ஒரே செட்டப். பார்க்கிறவருக்கு வெற்று அறை வீடாக மாறுகிற கதையும் கிடைத்துவிடுகிறது. வசனமே வேண்டாம்.

போர்டு இப்படி அமைந்தது. முதல் கட்டம், வெற்று மூலையில் தம்பதி, இரண்டரை விநாடி. இரண்டாவது, சோஃபா வந்துவிட்டது, இரண்டரை. மூன்றாவது, சோஃபாவின் மெத்தையைக் கை அழுத்தி எடுக்க அது திரும்ப எழும்புகிற க்ளோஸ்-அப், இரண்டு விநாடி. நான்காவது, ஷோகேஸும் மேஜையும் சேர்ந்த மூலை, இரண்டரை. ஐந்தாவது, மேஜை டிராயர் இழுத்துத் தள்ள அது மெல்லத் தானே மூடிக்கொள்கிற க்ளோஸ்-அப், மூன்று விநாடி. ஆறாவது, கட்டில்களும் பீரோக்களும் வரிசையாக நிற்கிற தளத்தின் மேல் கேமரா ட்ரைபாடிலேயே மெல்லத் திரும்புகிறது, நான்கு விநாடி. ஏழாவது, நிறைந்த மூலையில் குடும்பம், மூன்று. எட்டாவது, கடை முகப்பு, மூன்றரை. ஒன்பதாவது, அதே முகப்பின் மேல் எழுத்து, ஏழு. கூட்டினால் சரியாக 30. செட்டப்: மூலை, மெத்தை, டிராயர், தளம், முகப்பு. ஐந்து.

ஆறாவது கட்டத்தைப் பற்றிக் கடைக்காரருக்கு மனக்குறை. "கட்டில், பீரோ எல்லாத்தையும் தனித்தனியா காட்டணும் சார், அதுதான் அதிகம் விக்குது" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் தனித்தனியாகக் காட்டினால் ஒவ்வொன்றும் ஒரு செட்டப். அதனால் அந்த நான்கு விநாடித் திருப்பத்தை ஒரு கட்டிலில் தொடங்கி ஒரு பீரோவில் முடியும்படி வரைந்தேன். திருப்பத்தின் தொடக்கமும் முடிவும் கண்ணில் நிற்கும், நடுவில் போவது வரிசையாகத்தான் தெரியும். இப்படி நகர்கிற ஷாட்டுக்கு ஒரே கட்டம் வரையக் கூடாது. தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி வரைந்து நடுவில் அம்புக்குறி போட வேண்டும். எங்கே முடிகிறது என்று தாளில் இல்லாவிட்டால், படப்பிடிப்பில் கேமரா குளிர்சாதனப் பெட்டியிலோ பில் போடும் மேஜையிலோ போய் நிற்கும்.

வரையத் தெரியாதவர்கள் செல்போனில் படமெடுத்தே போர்டு செய்யலாம். நானும் பாதி அப்படித்தான் செய்தேன். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. செல்போனின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கிற அகலத்தைப் பார்க்கும். அதில் மூலை முழுவதும் அழகாக அடங்கும். வாடகைக் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வந்தால் அதே இடத்தில் நின்று பார்க்கும்போது பாதி சோஃபாதான் தெரியும், பின்னால் நகரச் சுவர் விடாது. சரி, கேமராவிலும் அகல லென்ஸே போடலாமே என்றால், சோஃபாவின் பக்கத்துக் கை யானைக்கால்போல வீங்கி, தூரத்துக் கை சுருங்கிப்போகும். பொருளை விற்கிற படத்தில் பொருளின் அளவு பொய்யாகத் தெரியக் கூடாது. வாங்க வருகிறவர் கடையில் அதே சோஃபாவைப் பார்த்து "டிவியில பெரிசா இருந்ததே" என்பார். அதனால் போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்துத்தான் போர்டுக்குப் படமெடுப்பேன். அது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் பார்வை. அந்த அளவில் மூலை அடங்கவில்லை என்றால் வேறு மூலை தேட வேண்டும். நாங்களும் முதலில் பார்த்த மூலையை விட்டு, எதிரில் நீளமான நடைபாதை இருந்த இன்னொரு மூலைக்கு மாறினோம்.

போனை எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பதும் போர்டில் எழுத வேண்டிய விஷயம். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும். ஷோகேஸின் பக்கக் கோடுகள் கீழே குவிந்து அது முன்னால் சாய்வதுபோல இருக்கும். மேஜையின் மேல்பலகை மட்டும் பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் லென்ஸைச் சாய்க்காமல் நேராக வைத்தால் கோடுகள் நிமிர்ந்து நிற்கும், சோஃபாவின் முகமும் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் "1 மீ, 50" என்று எழுதிவிட்டேன். கேமராமேனுக்கு அது ஒரு பத்தி விளக்கத்துக்குச் சமம்.

கட்டத்தின் கீழே இன்னும் மூன்று சின்னக் குறிப்புகள் வைப்பேன். ஒன்று விளக்கு. கடைகளில் கூரையில் வெள்ளை எல்இடியும், காட்சிக்கு மஞ்சள் விளக்கும், முகப்பிலிருந்து பகல் வெளிச்சமும் கலந்து இருக்கும். மூன்றும் ஒரே படத்தில் வந்தால் தேக்கின் பழுப்பு ஒரு பக்கம் சிவந்தும் இன்னொரு பக்கம் சாம்பல் படிந்தும் தெரியும். எடிட்டில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. எந்த விளக்கை அணைப்பது என்று கட்டத்திலேயே எழுதினால் வேலை ஒரு சுவிட்சோடு முடிந்துவிடும். இரண்டாவது, கண்ணாடி. ஷோகேஸ் கதவிலும் பாலிஷ் போட்ட பீரோவிலும் கேமராவும் நாமும் தெரிவோம். போர்டுக்கு எடுத்த செல்போன் படத்தில் உங்கள் முழங்கை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படப்பிடிப்பிலும் தெரியும். அந்தக் கட்டத்தில் "கறுப்புத் துணி" என்று எழுதி, கேமராவுக்குப் பின்னால் துணி கட்ட வேண்டும், அல்லது கதவைக் கொஞ்சம் திறந்து கோணத்தை மாற்ற வேண்டும். மூன்றாவது, நெருக்கமான பின்னல். பிரம்புப் பின்னல் நாற்காலி, மெல்லிய கோடு போட்ட துணி உறை ஆகியவற்றைத் தூரத்திலிருந்து எடுத்தால் திரையில் அலை அலையாக நெளியும். எங்கள் மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. நல்ல நாற்காலி, விலைபோகிற நாற்காலி. போர்டிலேயே அதை எடுத்துவிட்டேன்.

குரலுக்கும் இதே தாளில் இடம் உண்டு. நிதானமாக, புரியும்படி தமிழ் பேசினால் 30 விநாடிக்கு ஏறக்குறைய 45 முதல் 50 சொற்கள்தான் கொள்ளும். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததில் 90 இருந்தன. அதை அப்படியே படித்தால் ரயில் நிலைய அறிவிப்புபோல மூச்சுவிடாமல் ஓடும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அந்தக் கட்டத்தின் விநாடிக்குள் சொல்ல முடிகிற சொற்களை மட்டும் எழுதினேன். இரண்டரை விநாடிக் கட்டத்துக்கு நான்கு சொல். அதில் ஒரு சொல்லைக்கூட "சோஃபா" என்று வீணாக்கவில்லை. சோஃபா கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் குரல்: என்ன மரம், எத்தனை வருட உத்தரவாதம், வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தித் தருவார்களா. தொலைபேசி எண்ணைக் குரலில் விட்டுவிட்டேன். பத்து இலக்கத்தைச் சொல்லவே நான்கைந்து விநாடி போகும், கேட்டு யாரும் எழுதிக்கொள்வதில்லை. குரல் கடை இருக்கும் இடத்தைச் சொல்லட்டும், எண்ணைத் திரை காட்டட்டும். அப்புறம் குரல் வரிகளைத் தாளால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் ஒருவரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். கூட்டமான இடங்களில் டிவி சத்தமில்லாமல்தான் ஓடும், அங்கேயும் இது விளம்பரமாக நிற்க வேண்டும்.

எடுக்கும் வரிசை போர்டின் வரிசை அல்ல. போர்டில் எட்டாவதாக வரும் முகப்பைத்தான் முதலில் எடுத்தோம். பெயர்ப்பலகையின் விளக்கும் வானத்தின் வெளிச்சமும் சமமாக இருப்பது விடிகிற நேரத்தில் கொஞ்ச நேரம்தான், 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் பலகை மட்டும் பளீரென்று எரிந்து கட்டடம் இருளில் கிடக்கும், பின்னால் போனால் விளக்கு எரிவதே தெரியாது. அதனால் அன்று கேமராவை மட்டும் இறக்கி முகப்பை முடித்துவிட்டு, அப்புறம்தான் மற்றவற்றை உள்ளே கொண்டுபோனோம்.

அடுத்து மூலை. இதில்தான் ஸ்டோரிபோர்டு எங்களை ஒரு பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது. கதைப்படி முதலில் வெற்று அறை, கடைசியில் நிறைந்த அறை. அதே வரிசையில் எடுத்தால் என்ன ஆகும்? வெற்று மூலைக்குக் கேமராவைப் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்போம். கடைசி விளக்கு சட்டகத்துக்கு வெளியே போய்விடும், அல்லது குழந்தை உட்காருமிடம் ஸ்க்ரோல் நிழலுக்குள் விழும். அப்போது கேமராவை நகர்த்தினால் முதல் மூன்று கட்டங்களும் வீண். அதனால் தலைகீழாக எடுத்தோம். எல்லாப் பொருளையும் முதலில் வைத்து, ஏழாவது கட்டத்தைப் போர்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, அதை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். நான்காவது கட்டம், இரண்டாவது, கடைசியில் முதலாவது. பொருளை வெளியே எடுப்பது வேகமான வேலை, எங்கே வைப்பது என்ற யோசனையே இல்லை.

தலைகீழாக எடுப்பதிலும் கவனம் வேண்டும். சோஃபாவைத் தூக்கியதும் தரையில் அதன் கால்கள் நின்ற இடத்தில் நான்கு தடங்கள் தெரிந்தன, நடுவில் தூசியும் இருந்தது. வெற்று அறையில் அது கதையைக் கெடுக்கும். துடைத்தோம், போய்விட்டது. விரிப்பின் மேல் சோஃபாவை வைத்திருந்தால் அழுந்திய குழிகள் போகாது. நல்லவேளையாக விரிப்பு கடைசியில் வருகிற பொருள் என்று போர்டில் இருந்ததால், தலைகீழ் வரிசையில் அது முதலிலேயே வெளியேறிவிட்டது. விரிப்பை மேஜைக்கு மட்டும் முன்னால் போடும்படி வரைந்ததும் உதவியது, இல்லாவிட்டால் அதை உருவ சோஃபாவைத் தூக்கியிருக்க வேண்டும்.

பூட்டிய கேமராவில் ஒரு நூலிழை அசைந்தாலும் வெட்டும் இடத்தில் சுவர் குதிக்கும். ட்ரைபாடின் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டி, யாரும் அந்தப் பக்கம் நடக்காமல் பார்த்துக்கொண்டோம். ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிறச் சமன் மூன்றையும் தானியங்கியிலிருந்து மாற்றிக் கையால் நிறுத்த வேண்டும். தானியங்கியில் விட்டால் பழுப்பு ஷோகேஸ் வந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், சுவரின் நிறம் கட்டத்துக்குக் கட்டம் மாறும். ஜன்னல் இல்லாத மூலையைத் தேர்ந்ததும் இதற்காகத்தான். மூலைக்கு மட்டும் 75 நிமிடம் ஆனது. அதற்குள் வெளியே வெயில் ஏறிவிட்டது, உள்ளே ஒன்றும் மாறவில்லை.

மெத்தை க்ளோஸ்-அப் அரை மணியில் முடிந்தது. டிராயர்தான் சோதித்தது. தானே மெல்ல மூடுகிற டிராயர் போர்டில் மூன்று விநாடி. உண்மையில் அது மூட நான்கரை விநாடி எடுத்துக்கொண்டது. இதை முன்னாலேயே கடையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் அதன் மென்மை போய்விடுகிறது, எடிட்டில் வேகத்தைக் கூட்டினால் கை பொம்மலாட்டம்போல ஆகிறது. கடைசியில் பாதி திறந்த நிலையிலிருந்து எடுத்தோம். இழுப்பது வேண்டாம், கை விடுவதும் டிராயர் உள்ளே போவதும் மட்டும். மூன்று விநாடிக்குள் அடங்கியது. பொருளுக்கு அசைவு இருக்கிற ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அசைவின் உண்மையான நேரத்தை அளந்து எழுதுவது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன். சாய்வு நாற்காலி, மடிப்புக் கட்டில், சோஃபா-கம்-பெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சோஃபா-கம்-பெட்டை விரிக்க 10 விநாடி ஆகும். அதை ஒரே ஷாட்டில் காட்ட முடியாது, தொடக்கம் ஒரு கட்டம், முடிவு ஒரு கட்டம் என்று இரண்டாக வரைய வேண்டும்.

கட்டில் தளத்தின் திருப்பத்தை எடுத்து முடித்தபோது மணி பத்தேகால். கட்டி எடுக்கும் 20 நிமிடம் போக 25 நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் வேறு புது ஷாட் யோசிக்கவில்லை. சேனல்காரர்கள் 10 விநாடித் துண்டும் கேட்பார்கள் என்பதால், எந்தக் கட்டங்கள் அதற்குப் போகும் என்று போர்டிலேயே நட்சத்திரம் போட்டிருந்தேன்: ஏழாவது மூன்று விநாடி, ஒன்பதாவது ஏழு. ஆனால் வெற்று அறையைப் பார்க்காதவருக்கு நிறைந்த அறை வெறும் அறைதான். கதை அந்த மூன்று விநாடிக்குள்ளேயே நடக்க வேண்டும். ஆகவே மிச்ச நேரத்தில் சோஃபாவை மட்டும் மூலைக்குத் திரும்பக் கொண்டுவந்து, டேப் இருந்த இடத்திலேயே கேமராவை வைத்து, குழந்தை ஓடிவந்து அதில் குதித்து உட்காருவதைத் தனியாக ஒரு முறை எடுத்தோம். 10 விநாடித் துண்டில் இப்போது ஓடுவது அந்த ஷாட்தான்.